பணம் போயிடுச்சு, கடைக்கு வரலை: அந்தப் பணம் எங்கே நிற்கிறது?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அதனால் 'அக்கவுண்ட்ல எடுத்துடுச்சு, உங்களுக்கு ஏன் வரலை' என்ற சண்டை முழுவதும் என் முன்னால்தான் நடக்கும். தீபாவளி, ரம்ஜான், பொங்கல் சமயங்களில் இது தினசரி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஆள் நகர முடியாது, போனில் நெட்வொர்க்கும் நகராது.

எல்லோரும் முதலில் கேட்பது 'எப்போ திரும்பி வரும்?' என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன் வேறொன்றைப் பார்ப்பேன். பணம் இப்போது யாரிடம் இருக்கிறது? அது தெரியாமல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில சமயம் அது தானாக வரவே வராது, ஏனென்றால் திரும்பி வரவேண்டிய பணமே அது இல்லை. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

யுபிஐயில் நீங்கள் பின் நம்பரை அடித்ததும் இரண்டு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முதலில் உங்கள் வங்கிக்கு 'இவர் கணக்கில் இவ்வளவு கழி' என்று கட்டளை போகும். கழித்துவிட்டேன் என்று பதில் வந்த பிறகு, கடைக்காரரின் வங்கிக்கு 'இவர் கணக்கில் இவ்வளவு சேர்' என்று அடுத்த கட்டளை போகும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவது யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம். நான்கு செய்தியும் ஒழுங்காகப் போய் வந்தால் சில நொடிகளில் கதை முடிந்தது. ஏதாவது ஒரு பதில் நேரத்துக்கு வராவிட்டால்தான் நம் பணம் நடுவழியில் நிற்பதாகத் தோன்றும்.

உண்மையில் அது நடுவழியில் நிற்பதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு வங்கியின் கையில்தான் இருக்கும்.

உங்கள் வங்கி கழித்துவிட்டது, ஆனால் 'கழித்தேன்' என்ற பதில் என்பிசிஐக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று வையுங்கள். கடை வங்கிக்கு இரண்டாவது கட்டளையே போகாது. பரிமாற்றம் தோல்வி என்று முடித்து, உங்கள் வங்கிக்கே 'கழித்ததைத் திருப்பிப் போடு' என்று செய்தி போகும். ஆப்பில் சிவப்பில் தோல்வி என்று காட்டும், அதே சமயம் வங்கி எஸ்எம்எஸ் பணம் கழிந்ததாகச் சொல்லும். பார்க்கப் பதறும், ஆனால் இருப்பதிலேயே லேசான நிலைமை இதுதான். பணம் உங்கள் வங்கியை விட்டு வெளியே போகவே இல்லை. பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடும். அந்தச் செய்தியும் தவறிப்போனால், வங்கி அன்றைய கணக்கை என்பிசிஐ பட்டியலோடு ஒத்துப் பார்க்கும்போது இந்த உதிரித் தொகை மாட்டும், அப்போது போடுவார்கள்.

இரண்டாவது நிலைமைதான் தொல்லை. உங்கள் வங்கி கழித்தது, பதிலும் ஒழுங்காக வந்தது. கடை வங்கிக்குக் கட்டளை போய்விட்டது, ஆனால் அங்கிருந்து பதில் இல்லை. அந்த வங்கி பணத்தைச் சேர்த்துவிட்டு பதில் சொல்ல முடியாமல் போயிருக்கலாம், சேர்க்காமலும் விட்டிருக்கலாம். என்பிசிஐக்கு எது என்று தெரியாது. உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமும் சேர்ந்திருந்தால் ஒரே பணம் இரண்டு இடத்தில் இருக்கும். அதனால் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டார்கள். ஆப்பில் 'ப்ராசஸிங்' அல்லது 'பெண்டிங்' என்று மஞ்சளாக நிற்கும். வங்கிகளுக்கு இடையே கணக்குத் தீர்க்கும்போது இந்தத் தொகையும் கடை வங்கியின் பக்கம் போய்விடும். அந்த வங்கி தன் கணக்கைப் பார்த்து, சேர்த்துவிட்டேன் என்று உறுதி சொல்ல வேண்டும், அல்லது சேர்க்க முடியவில்லை என்று பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கவனித்தீர்களா, இந்த நிலைமையில் உங்கள் வங்கிக் கவுண்டரில் போய்ச் சத்தம் போட்டால் அவர்களிடம் பணமே இருக்காது.

மூன்றாவது நிலைமையில் எல்லாம் முடிந்திருக்கும், கடைக் கணக்கில் பணமும் வந்திருக்கும், கடைக்காரருக்கு மட்டும் தெரியாது. இதற்குக் காரணம் பாதி நேரம் அந்தப் பேசுகிற சவுண்ட் பாக்ஸ்தான். அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. அந்த சிம்முக்கு சிக்னல் இல்லையென்றாலோ, சார்ஜ் இறங்கிவிட்டாலோ பணம் வந்தாலும் பெட்டி வாயைத் திறக்காது. எங்கள் கடையில் பெட்டியை ஜன்னலோரம் மாற்றி வைத்த பிறகு சண்டை கொஞ்சம் குறைந்தது. பெட்டி பேசவில்லை என்றால் நான் உடனே வியாபாரி ஆப்பைத் திறந்து அன்றைய வரவுப் பட்டியலைப் பார்ப்பேன். வாடிக்கையாளர் போனில் பச்சை டிக் தெரிந்தாலும் அதை நம்பிச் சரக்கைக் கொடுக்க மாட்டோம். அதே மாதிரி பச்சை டிக் காட்டும் போலி ஆப்புகள் சுற்றுகின்றன. நல்லவர்களுக்கு இது அவமானமாகப் படும், எனக்குப் புரிகிறது, ஆனால் வேறு வழியில்லை.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால் இது மூன்றும் விளங்கும்.

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா, மகளோடு வந்திருந்தார். பேரப் பிள்ளைகளுக்குத் துணி, மொத்தம் 3,840 ரூபாய். மகள் ஸ்கேன் செய்து பின் அடித்தார். வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் 'ப்ராசஸிங்' என்று நின்றுவிட்டது. அடுத்த நொடி வங்கி எஸ்எம்எஸ் வந்தது, 3,840 கழிந்தது என்று. எங்கள் பெட்டி பேசவில்லை. வியாபாரி ஆப்பைப் பார்த்தேன், அதிலும் இல்லை.

"இன்னாம்மா இது, துட்டு எடுத்துக்கினு மெசேஜ் வந்துச்சு, உன் பொட்டி கத்தலையே?" என்றார் அந்த அம்மா.

"வரும்மா, ஆனா இப்போ வராது போலிருக்கு. கொஞ்சம் பொறுங்க" என்றேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. சில நிமிடம் பார்த்தோம், மஞ்சள் மாறவில்லை. மகள் திரும்ப ஸ்கேன் செய்யப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். நெட்வொர்க் அப்படியே இருக்கும்போது மறுபடி அடித்தால் இன்னொரு 3,840 மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் நடக்கும். கடைசியில் கூட வந்த சொந்தக்காரரிடம் வாங்கி ரொக்கமாகக் கொடுத்தார்கள்.

அப்போது நான் பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: நேரம் மாலை 6.47, தொகை, அவர் போனில் தெரிந்த 12 இலக்க எண், 'யுபிஐ நிலுவையில், ரொக்கமாகப் பெறப்பட்டது', என் கையெழுத்து. எங்கள் கார்பன் நகலிலும் அதே வரி.

அந்த 12 இலக்க எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்புக்கு ஆப்பு இதன் பெயர் மாறும். சிலவற்றில் `UTR` என்று இருக்கும், சிலவற்றில் `UPI transaction ID` அல்லது `UPI Ref No` என்று இருக்கும். பல ஆப்புகள் தங்கள் சொந்த எண் ஒன்றையும் பக்கத்திலேயே காட்டும், அது நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். அதை வங்கியில் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. இரண்டு வங்கியிலும், கடையின் வரவுப் பட்டியலிலும், பாஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருப்பது அந்த 12 இலக்கம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள் டிக் தெரிகிற முதல் பக்கத்தை எடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வரிமேல் தட்டி உள்ளே போய், எண் தெரிகிற பக்கத்தை எடுக்க வேண்டும்.

மறுநாள் காலை கடை திறந்ததும் வரவுப் பட்டியலைப் பார்த்தேன். முந்தின நாள் 6.47 மணி நேரத்தோடு 3,840 ரூபாய் வந்து உட்கார்ந்திருந்தது, அதே எண். ராத்திரியே கடை வங்கி கணக்கைச் சரிபார்த்துச் சேர்த்திருக்கிறது. அதாவது மஞ்சள் பச்சையாகிவிட்டது. அந்த மகள் இதற்குள் தன் வங்கிக்குப் போயிருந்தார். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்து, "இது சக்சஸ் ஆகியிருக்கும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். கோபத்தோடு எங்களிடம் வந்தார். வங்கி ஏமாற்றுகிறது என்று அவர் நினைப்பு.

வங்கி சொன்னது சரிதான். தோல்வியடைந்தால்தான் பணம் தானாகத் திரும்பும். இது தோல்வியடையவில்லை, தாமதமாக வெற்றியடைந்தது. யுபிஐ கணக்குப்படி அவர் 3,840 கொடுத்தார், கடைக்கு 3,840 வந்தது, எல்லாம் சரி. அவர் ரொக்கமாகவும் கொடுத்தது என்பிசிஐக்கோ வங்கிக்கோ தெரிய வழியே இல்லை. அது கடைக்கும் அவருக்கும் இடையிலுள்ள விஷயம், திருப்பித் தரவேண்டியது கடை. முதலில் நான் சொன்னேனே, தானாகத் திரும்பி வராத பணம் என்று, அது இதுதான். 'ஏழு நாளில் வந்துவிடும்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காத்திருந்தால் ஏழு மாதமானாலும் வராது.

முதலாளி கல்லாவிலிருந்து ரொக்கமாகவே எடுத்துக் கொடுத்துவிடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வியாபாரி ஆப்பில் அந்த வரவைத் தொட்டால் 'ரீஃபண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதன் வழியாக அனுப்பினால் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் போகும், பழைய எண்ணோடு சேர்த்துப் பதிவாகும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த மகள் ஏற்கெனவே ஆப்பில் புகார் கொடுத்திருந்தார். அந்தப் புகார் நடந்து எங்கள் கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பி எடுத்தால், கல்லாவிலும் போய், கணக்கிலும் போய், இரட்டை நஷ்டம். ரொக்கம் கொடுத்ததற்கு எங்களிடம் ஆதாரமும் இருக்காது. பொத்தானை அழுத்தி ரீஃபண்ட் எண்ணை அவர் பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன், பணம் போய்ச் சேர்ந்தது. ஒரு விஷயம், இந்த ரீஃபண்ட் பல ஆப்புகளில் கடையின் அன்றைய வசூலிலிருந்துதான் கழியும். காலையில் போணி ஆகாத நேரத்தில் அழுத்தினால் போதிய தொகை இல்லை என்று நிற்கும். கடைக்காரர் 'சாயங்காலம் போடுறேன்' என்று சொன்னால் அது சாக்காக மட்டுமே இருக்க வேண்டியதில்லை.

அந்த பில்லின் பின்பக்க வரி இல்லாவிட்டால் இது இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் ரொக்கம் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று திங்கட்கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் பெண்டிங்கில் நிற்கும்போது இன்னொரு முறை கொடுக்க நேர்ந்தால், கடைக்காரர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், அந்த ஒரு வரியை எழுதி வாங்காமல் நகராதீர்கள்.

சரி, உண்மையிலேயே தோல்வியடைந்து, பணமும் திரும்பாமல் இருந்தால்?

அதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை இருக்கிறது, அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. கடைக்குக் கொடுத்த யுபிஐ பணம் உங்கள் கணக்கில் கழிந்து, கடைப் பக்கம் உறுதி வராமல் போனால், பரிமாற்றம் நடந்த தேதியிலிருந்து 5 நாட்களுக்குள் தானாகத் திருப்ப வேண்டும். அதைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. ஆன்லைன் கடைகளில் கார்டு நம்பர் போட்டுக் கொடுத்ததற்கும், ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்ததற்கும் இதே 5 நாள், இதே 100 ரூபாய்.

தனி ஆளுக்கு அனுப்பிய பணம் என்றால் கணக்கு வேறு. அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்ப வேண்டும், அதற்கு மேல் தினமும் 100. இது நம் ஊரில் ரொம்ப முக்கியம். காசிமேட்டில் மீன் விற்கிற அக்காவோ, தெருமுனையில் இட்லி விற்கிறவரோ வைத்திருக்கும் க்யூஆர் கோட் பெரும்பாலும் அவர் மகனின் சொந்தக் கணக்குதான், வியாபாரி கணக்கு இல்லை. மொபைல் நம்பருக்கு அனுப்பினாலும் அப்படித்தான். அங்கே உங்களுக்குக் கெடு ஒரு நாள், ஐந்து நாள் இல்லை. ஆனால் ரீஃபண்ட் பொத்தானும் அங்கே கிடையாது. தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த அக்காவிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி தண்டையார்பேட்டையில் எலெக்ட்ரிகல் சாமான் வாங்கி 1,250 ரூபாய் மாட்டிக்கொண்டது. சிவப்பில் தோல்வி, கடைப் பட்டியலில் இல்லை, கடைக்காரர் நேர்மையாகக் காட்டினார். நடந்தது 3ஆம் தேதி. கெடு 8ஆம் தேதியோடு முடிந்தது. பணம் திரும்பியது 11ஆம் தேதி. ஆக 9, 10, 11 என்று மூன்று நாள் தாமதம், 300 ரூபாய். சுற்றறிக்கைப்படி இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்காமலே வங்கி போட வேண்டும். போடவில்லை. தம்பிக்கு அசல் வந்ததே போதும் என்றிருந்தது. நான்தான் விடவில்லை, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்:

"மேற்படி தேதியில் ரூ. 1,250 யுபிஐ பரிமாற்றம் தோல்வியடைந்து, 11ஆம் தேதி திருப்பி வரவு வைக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி 5 நாட்களுக்கு மேற்பட்ட 3 நாள் தாமதத்துக்கு ரூ. 300 இழப்பீடு வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கீழே அந்த 12 இலக்க எண், பாஸ்புக்கில் கழிந்த வரியும் திரும்பிய வரியும் இருக்கும் பக்கத்தின் நகல். கவுண்டரில் முதலில் 'ஏழு வேலை நாள் ஆகும்' என்றார்களாம். சுற்றறிக்கையில் நாள் எண்ணுவது பரிமாற்றம் நடந்த நாட்காட்டித் தேதியிலிருந்துதான். அதைச் சொல்லி, தாளின் நகலில் முத்திரை வாங்கி வந்தான். பிறகு 300 வந்தது.

புகார் கொடுக்கும் வரிசையும் பணம் இருக்கிற இடத்தைப் பொறுத்ததுதான். கடைப் பட்டியலில் அந்த எண் இருந்தால் வங்கிக்குப் போகாதீர்கள், கடைக்குப் போங்கள். இல்லையென்றால் முதலில் ஆப்பிலேயே அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து, அதற்குள்ளிருக்கும் உதவி அல்லது புகார் பொத்தானில் பதிவு செய்யுங்கள். பொதுவான உதவிப் பக்கத்தில் கதை எழுதுவதைவிட இது மேல், ஏனென்றால் அந்த எண்ணோடு சேர்ந்தே புகார் என்பிசிஐ வழியாக இரண்டு வங்கிக்கும் போகும், கடை வங்கி சேர்த்தேன் என்றோ திருப்பினேன் என்றோ பதில் சொல்லியாக வேண்டும். அதோடு உங்கள் வங்கியிலும் எழுத்தில் ஒன்று, புகார் எண்ணோடு. போனில் பேசினால் அந்தப் பேச்சுக்குப் புகார் எண் கேட்டு வாங்குங்கள், அது இல்லாத பேச்சு நடக்காத பேச்சு.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம், செலவில்லை. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கியிடம் முதலில் எழுத்தில் கேட்காமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். முத்திரை போட்ட அந்த நகல் இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எங்கள் கடை வாசலில் பார்த்தது. பணம் மாட்டிய பதற்றத்தில் நெட்டில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடித்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் இனிமையாகப் பேசி, 'ரீஃபண்ட் அனுப்புறேன், பின் அடிங்க' என்பான். அல்லது திரையைப் பகிரும் ஆப் ஒன்றை ஏற்றச் சொல்வான். பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ரீஃபண்டும் தானாக வந்து சேரும், நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. அப்படிப் பின் அடித்துப் பணம் போய்விட்டால் மேலே சொன்ன சுற்றறிக்கை உதவாது, அது தோல்வியடைந்த பரிமாற்றம் இல்லை, மோசடி. உடனே 1930க்கு அடியுங்கள், அன்றைக்கே வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கியின் எண் வேண்டுமென்றால் உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.